பட்டிக் காவலுக்கு ஊர் நாய்க்குட்டியே போதும்

வீட்டிற்கும் பட்டிக்கும் காவலாக நாய் வளர்ப்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கிடை போடும் கீதாரிகளும் பட்டி அடைக்கும் குடியானவர்களும் அதற்கென்று காசு கொடுத்து நாய் வாங்கியதில்லை. ஊரில் ஈன்ற குட்டிகளில் ஒன்றைத் தூக்கி வந்து, ஆட்டோடு ஆடாக வளர்த்து வந்தார்கள். அண்மைக் காலத்தில் இந்த வழக்கம் மாறி வருகிறது. நாய் வேண்டும் என்றதும் அல்சேஷன், டாபர்மேன், லாப்ரடார் என்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்து நகரத்திலிருந்து குட்டி வாங்கி வருகிறார்கள். அதே நேரத்தில் ஊர்ப் பாலத்தடியிலும் பள்ளிக்கூடத்துச் சுவரோரத்திலும் ஈன்ற குட்டிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

பண்ணைக் காவலுக்கு இனநாய் வாங்குவதைவிட ஊர் நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பது சிறு விவசாயிக்கு ஏன் நல்லது, அப்படி எடுக்கும் குட்டியை முதல் ஆறு மாதங்களில் எவ்வாறு வளர்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டைக் கடிப்பதும் அதுதானே?

இந்த யோசனையைச் சொன்னதும் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிய நிகழ்ச்சிகள் 2024, 2025 ஆண்டுகளில் அடுத்தடுத்து நடந்து, விவசாயிகள் போராட்டம் நடத்தும் அளவுக்குப் போயின. "ஏனுங்க, ஆட்டைக் கொல்றதே தெருநாய்தானுங்களே, அதையே பட்டியில கொண்டாந்து கட்டச் சொல்றீங்களே?" என்று அப்பகுதி விவசாயி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு விடை நாய்க்குட்டியின் வளர்ச்சிப் பருவத்தில் இருக்கிறது. பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆம் வாரம் வரை குட்டி யார் யாருடன் பழகுகிறதோ, அவர்களைத்தான் தன் கூட்டமாக எண்ணிக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் ஆட்டையே பார்க்காமல் குப்பைமேட்டில் பிற நாய்களுடன் மட்டும் வளர்ந்த குட்டிக்கு, ஓடும் ஆடு என்பது துரத்திப் பிடிக்க வேண்டிய ஒன்று. அதே குட்டி ஆட்டுப்பட்டிக்குள் படுத்து உறங்கி வளர்ந்தால், ஆடுதான் அதற்குச் சுற்றம். ஆட்டைக் கடிக்கும் நாயும் ஆட்டைக் காக்கும் நாயும் ஒரே தாய் வயிற்றில் ஒரே ஈற்றில் பிறந்தவையாக இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்துவது வளர்ப்பு.

இது நம் ஊரில் மட்டும் கண்ட உண்மையன்று. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் நவஹோ என்னும் பழங்குடி மக்கள் செம்மறியும் வெள்ளாடும் மேய்ப்பவர்கள். அங்கே கொயோட்டி என்னும் ஓநாய் இனத்து விலங்கின் தொல்லை அதிகம். இவர்களுடைய காவல் நாய்களைப் பற்றி 1981-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அந்த நாய்கள் எல்லாம் குறிப்பிட்ட இனம் எதையும் சேராத கலப்பு நாய்கள். குட்டியைத் தாய்ப்பால் மறக்கும் பருவத்திலேயே ஆட்டுப்பட்டிக்குள் விட்டு, அங்கேயே உணவிட்டு வளர்க்கிறார்கள். ஆட்டைத் துரத்தினாலோ கடித்தாலோ அப்போதே கண்டித்துத் திருத்துகிறார்கள். திருந்தாத நாயை மந்தையோடு வைத்துக்கொள்வதில்லை. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டிலும் ட்ஸ்வானா எனப்படும் உள்ளூர் நாய்களையே இவ்வாறு ஆட்டு மந்தையில் வைத்துச் சிறுத்தையிடமிருந்து ஆடுகளைக் காத்து வருகிறார்கள்.

இனநாயின் குறை என்ன?

இனநாய்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் விலைக்கு வாங்கும் குட்டியில் விவசாயி கவனிக்க வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, தாயைப் பார்க்க முடிவதில்லை. இடைத்தரகர் கூடையில் கொண்டுவந்து காட்டும் குட்டியின் தாய் சாதுவா, கடிக்கும் குணம் உள்ளதா, நோய் கண்டதா என்பது நமக்குத் தெரியாது. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் சொல்கின்றன. இருந்தும் 30, 35 நாள் குட்டிகள் கைமாறுவதைக் காண்கிறோம். அவ்வளவு சிறு வயதில் தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிந்த குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளாமலே வளர்கிறது.

இரண்டாவது, உடல்வாகு. அடர்ந்த ரோமம் உள்ள குளிர்நாட்டு இனங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் பட்டியில் படுத்துக் காவல் காக்க இயலாமல் இளைக்கும். லாப்ரடார், அல்சேஷன் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுண்டு. நம் நாட்டு இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் வெயிலுக்கு ஏற்றவையே. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைக் கண்டால் துரத்தும் வேட்டைக்காரப் பரம்பரை என்பதை ஆட்டுப்பட்டிக்காரர்கள் மறக்கக் கூடாது. வெள்ளை ராஜபாளையக் குட்டிகளில் பிறவிச் செவிடும் காணப்படுகிறது. காது கேளாத நாயால் இராக்காவல் நடக்காது.

மூன்றாவது, பணம். குட்டிக்கே கையிருப்பு முழுவதையும் கொடுத்துவிட்டுத் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்திற்கும் செலவிட மனம் வராமல், வாங்கிய குட்டியைப் பார்வோ நோய்க்குப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. ஊர்க்குட்டிக்கு விலை இல்லை. ஆகவே குட்டிக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை அதன் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஒதுக்குங்கள். இக்கட்டுரையில் சொல்ல வந்த செய்தியின் சாரமே இதுதான்.

நாட்டு நாய்க்கு நோய் வராதா?

"நாட்டு நாய் கெட்டி; ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்" என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு. நாம் தெருவில் காணும் வளர்ந்த நாய்கள் பிழைத்து வந்தவை. பிழைக்காதவை நம் கண்ணில் படுவதில்லை. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தார் மேற்கு வங்காளத்துத் தெருநாய்க் குட்டிகள் 364-ஐத் தொடர்ந்து கவனித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதை எட்டும் வரை உயிரோடு இருந்தவை 100-க்கு 19 மட்டுமே. அதாவது 5 குட்டி ஈன்றால் நிலைப்பது 1. போனவற்றில் பாதிக்கு மேல் வண்டியில் அடிபட்டும் விஷம் வைக்கப்பட்டும் மற்ற வகைகளிலும் மனிதரால் போனவை.

ஆகவே ஊர்க்குட்டிக்கு வெயிலைத் தாங்கும் உடல் உண்டே தவிர, பார்வோவையோ வெறிநோயையோ தாங்கும் உடல் கிடையாது. எந்த இனநாய்க்கும் போடும் ஊசி அனைத்தும் இதற்கும் போட வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஊர் நாய்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்தை ஒட்டி இணை சேர்ந்து, ஏறத்தாழ 63 நாளில் ஈனுகின்றன. ஆகவே பனிக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் குட்டிகள் மிகுதியாகக் கிடைக்கும்.

குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அவ்வழியே போகும்போது நின்று கவனியுங்கள். ஊரார் சோறு வைத்தால் வாலை ஆட்டி வருகிறதா, காரணமின்றிப் பாய்கிறதா, கோழியைத் துரத்துகிறதா என்பது தெரிந்துவிடும். குட்டி போட்ட நாய் தன் குட்டியருகே உறுமுவது இயல்பு. அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். குட்டியை விட்டு விலகி நிற்கும்போது அது எப்படி நடக்கிறது என்பதே கணக்கு.

குட்டிகள் 6, 7 வார வயதில் இருக்கும்போது தாய் அப்பால் போன நேரம் பார்த்து, சில அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து மெல்லக் கை தட்டுங்கள். ஓடி ஒளிந்து நடுங்கும் குட்டியும் வேண்டாம். மற்ற குட்டிகளை மிதித்துக்கொண்டு வந்து கையைக் கவ்வும் குட்டியும் வேண்டாம். சற்றுத் தயங்கிப் பின் வந்து மோந்து பார்க்கும் குட்டியே பட்டிக்கு ஏற்றது. அதைக் கையில் எடுத்து ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கிறது என்று பொருள். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியக் கூடாது. பின்புறம் கழிச்சல் படிந்திருக்கக் கூடாது. மற்ற உடம்பு இளைத்து வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் உருண்டைப்புழு இருக்கிறது. புழுவுக்கு மருந்து உண்டு. அதற்காகக் குட்டியைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்ட குட்டிகள் உள்ள ஈற்றிலிருந்து எடுக்க வேண்டாம்.

ஆண் குட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பெண் குட்டிகளை விட்டுவிடுவது நம் வழக்கம். அவ்வாறு விடப்பட்ட பெண் குட்டிகளே அடுத்த ஆண்டு ஆளுக்கொரு ஈற்றுப் போடுகின்றன. தெருநாய் பெருகுவதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம். கருத்தடை செய்த பெண் நாய் காவலில் ஆணுக்குக் குறைந்ததன்று. நாய் பின்னால் ஊர் சுற்றப் போவதும் இல்லை. ஆகவே பெண் குட்டியை எடுக்கத் தயங்க வேண்டாம்.

8 வாரம் நிரம்பிய பின்பே குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். தாய் அடிபட்டு இறந்துபோனாலன்றி அதற்கு முன் எடுக்கக் கூடாது. இடைப்பட்ட வாரங்களில் தாய்க்குத் தினமும் ஒரு வேளை சோறு வைத்து வந்தால், குட்டியும் நம் குரலுக்குப் பழகிவிடும்.

ஒரு குடும்பத்தின் ஆறு மாதக் கணக்கு

எளிதில் விளங்குவதற்காக, 12 வெள்ளாடும் சில கோழிகளும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர்க்கோடியில் ஒரு நாய் தை மாதம் முதல் வாரத்தில் ஈன்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஈற்றில் ஒரு பெண் குட்டியை இக்குடும்பம் தேர்ந்தெடுக்கிறது.

பங்குனி முதல் வாரம். குட்டிக்கு 8 வாரம் நிரம்புகிறது. வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்று கால்நடை உதவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு துணிப்பையில் வைத்துத் தூக்குத் தராசில் எடை பார்த்துச் சொன்னால், அதற்கேற்ற குடற்புழு மருந்தை அளந்து தருவார். உருண்டைப்புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுவதால், புழுவில்லாத ஊர்க்குட்டி என்று ஒன்று கிடையாது எனலாம். முதல் மருந்துக்குப் பின் 2 வாரம் கழித்து ஒரு முறையும், பிறகு 6 மாத வயது வரை மாதம் ஒரு முறையும், அதன்பின் 3 மாதத்திற்கு ஒரு முறையும் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கி வைத்த புழு மருந்தையோ மாட்டுக்கு வைத்திருக்கும் உண்ணி மருந்தையோ குத்துமதிப்பாகக் குட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் குட்டி நரம்பு பாதித்து இறக்க நேரிடும்.

குட்டி நலமாக இருந்தால் அன்றே முதல் கூட்டுத் தடுப்பூசியைப் போட்டுவிடலாம். இது பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களைத் தடுக்கும். இந்த ஊசியை ஒரு முறை போட்டால் போதும் என்று நினைப்பதுதான் பலர் குட்டியை இழக்கக் காரணம். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சம் இருக்கும்போது, அது தடுப்பூசியையும் முறித்துவிடும். எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 3, 4 வார இடைவெளியில் 16 வார வயது வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

சித்திரை முதல் வாரம். குட்டிக்கு 12 வாரம். இரண்டாம் கூட்டுத் தடுப்பூசியும் முதல் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். வெறிநோய் ஊசிக்கு அடுத்த தவணையை மருத்துவர் அட்டையில் குறித்துக் கொடுப்பார். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும்.

வைகாசி முதல் வாரம். 16 வாரம். மூன்றாம் கூட்டுத் தடுப்பூசி. இதற்குப் பின் இரண்டு வாரம் கழியும் வரை குட்டியைத் தெருவில் மற்ற நாய்கள் கழிந்த இடங்களில் விட வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சோப்பு நீரில் கழுவினால் அது சாகாது. வீட்டில் முன்பு ஒரு குட்டி இரத்தக் கழிச்சலில் இறந்திருந்தால், தரையை ப்ளீச்சிங் கரைசலால் கழுவி, ஓராண்டு வரையாவது ஊசி முழுவதும் போடாத குட்டியை அங்கே கொண்டுவராமல் இருப்பது நல்லது.

ஆடி முதல் வாரம். 6 மாத வயது. முதல் பருவம் வரும் முன் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டிய நேரம் இது. அதைப் பின்னர் காண்போம்.

தீனி

குட்டிக்கு 4 மாத வயது வரை நாளைக்கு 4 வேளையும், 6 மாதம் வரை 3 வேளையும், பிறகு 2 வேளையும் தீனி வைக்கலாம். குழைய வடித்த சோறு அல்லது ராகிக் களியில் வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், வேகவைத்த கோழிக் கழிவு இவற்றில் ஒன்றைக் கலந்து கொடுக்க வேண்டும். வெறும் சோறும் ரசமும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால் வளையும், ரோமம் மங்கும். தீனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முட்டை, மீன், கறி வகையாக இருப்பது நல்லது. மாட்டுப்பால் கொடுத்துக் கழிச்சல் கண்டால் பாலை நிறுத்திவிட வேண்டும். 8 வாரக் குட்டிக்குப் பால் அவசியமில்லை. தண்ணீர்தான் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தீனி போதுமா என்பதற்கு இதுவே அளவு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஆடு அறுத்த இடத்தின் பச்சைக் குடல், ஈரல், நுரையீரல், தலை ஆகியவற்றை நாய்க்குப் போடக் கூடாது. அவற்றில் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கும். நாய் தின்றதும் அது புழுவாக வளர்ந்து, நாயின் சாணத்தில் முட்டை வரும். அந்த முட்டை புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போனால் ஒரு வகையில் மூளையில் கட்டியாகி ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடித்துச் சாகும். இன்னொரு வகை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகும். பட்டியில் நாய் இருக்கும் வீட்டில் செத்த ஆட்டையும் நஞ்சுக்கொடியையும் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். மருத்துவரிடம் நாடாப்புழுவுக்கான மருந்தையும் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பட்டிக்குள் பழக்கும் முறை

மேலே சொன்ன குடும்பம் பங்குனியில் குட்டியைக் கொண்டு வந்ததும், பட்டியின் ஒரு மூலையில் 4 அடிக்கு 4 அடி இடத்தைக் கம்பி வலையால் மறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்குக் குட்டி தெரிய வேண்டும், குட்டிக்கு ஆடு தெரிய வேண்டும். ஆனால் ஆடு முட்டவோ மிதிக்கவோ முடியக் கூடாது. அதற்குள் ஒரு பழைய சாக்கும் தண்ணீர்ச் சட்டியும் போதும். தீனியும் உறக்கமும் அங்கேயே. முதல் ஒரு வாரம் இரவில் குட்டி கத்தத்தான் செய்யும். இரக்கப்பட்டு வீட்டுக்குள் தூக்கி வந்து படுக்க வைத்தால் அது வீட்டு நாயாகிவிடும், பட்டி நாயாகாது.

ஒரு வாரம் போனதும், சாதுவான வயதான ஆடு ஒன்றோடும், பால் மறந்த ஓரிரு குட்டி ஆடுகளோடும் தினமும் சிறிது நேரம் நாம் பக்கத்தில் இருக்கும்போது திறந்து விட வேண்டும். புதிதாக ஈன்ற ஆட்டிடம் விடக் கூடாது. அது முட்டித் தள்ளிவிடும். குட்டி ஆட்டைக் கண்டதும் படுத்துக்கொள்வது, கண்ணை வேறு பக்கம் திருப்புவது, முகத்தை நக்குவது எல்லாம் நல்ல அறிகுறிகள். குடும்பத்தார் அனைவரும் தினமும் தொட்டுப் பிடித்து, கால், காது, வாய் பார்த்துப் பழக்கிவர வேண்டும். மனிதரிடம் பழகாத பட்டி நாயை ஊசி போடக்கூடப் பிடிக்க முடியாது.

சிக்கலான பருவம் 4 மாதத்திலிருந்து 10 மாதம் வரை. அப்போது குட்டிக்கு விளையாட்டுப் புத்தி மிகும். ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வும், வாலைப் பிடித்து இழுக்கும், கோழியை விரட்டும். கடித்துக் கொல்லும் எண்ணம் அதற்கு இல்லை. ஆனால் ஓட்டத்தில் சுவை கண்டுவிட்டால் பிறகு திருத்துவது கடினம். துரத்தத் தொடங்கிய அந்த நொடியில் உரத்த குரலில் அதட்டி, பிடித்துத் தனியே கட்டிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து அடிப்பதால் பயனில்லை. எதற்கு அடி விழுந்தது என்று அதற்குத் தெரியாது. நாம் இல்லாத நேரத்தில் இப்பருவத்துக் குட்டியை வலைக்குள்ளேயே வைக்க வேண்டும். பிள்ளைகள் வேடிக்கைக்காக "சூ" காட்டிக் கோழி மேல் ஏவிவிடுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

வளர்ந்த பின்னும் இரவில் பட்டிக்கு வெளியே அவிழ்த்து விடக் கூடாது. பகலில் ஆட்டோடு நல்லபடி இருக்கும் நாய், இரவில் நான்கைந்து நாய்களோடு சேர்ந்தால் பக்கத்து ஊர்ப் பட்டியில் போய்க் கடிக்கும். நம் ஆட்டைத்தான் அது சுற்றம் என்று அறியுமே தவிர ஊரார் ஆட்டை அறியாது.

கருத்தடையை ஒத்திப் போடாதீர்

ஒரு பெண் நாய் ஒரு ஈற்றில் 4 முதல் 6 குட்டி போடும். நாம் ஒன்றை எடுத்துவிட்டு அது ஐந்தைத் தெருவில் சேர்த்தால் ஊருக்கு என்ன பயன்? ஆகவே கருத்தடை இல்லாமல் நாய் எடுப்பது பாதி வேலை.

அரசு கால்நடை மருத்துவமனைகளில் எங்கே, எந்த நாளில் இந்த அறுவை செய்கிறார்கள் என்பதை உங்கள் கால்நடை உதவி மருத்துவரிடம் பங்குனியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முதல் நாள் இரவு தீனிக்குப் பின் எதுவும் கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் கொண்டுபோக வேண்டும். முடிந்த பின் 10 நாள் வரை ஈரமில்லாத இடத்தில் கட்டி வைத்து, தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல் வீங்கினாலோ, சீழ் வடிந்தாலோ, தையல் பிரிந்தாலோ அன்றே காட்ட வேண்டும். கருத்தடை செய்தால் நாய் குரைக்காது, காவல் குணம் போய்விடும் என்பது உண்மையன்று. தீனியை மட்டும் சற்றுக் குறைக்க வேண்டும், இல்லாவிடில் கொழுத்துவிடும்.

குட்டிகள் பால் மறந்த பின், அவற்றின் தாய்க்கும் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போட ஊராட்சியை அணுகலாம். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இப்பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்கே தந்துள்ளன.

கடி பட்டால்

குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் அலட்சியம் கூடாது. குட்டிக்கு வெறிநோய் வராது என்பது மூடநம்பிக்கை. அதிலும் ஊசி போடும் வயதை எட்டாத ஊர்க்குட்டியின் பல் பட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. முதல் நாள் ஊசி போட்டுவிட்டு நிறுத்திவிடாமல், மருத்துவர் குறித்துத் தரும் எல்லா நாட்களிலும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் கண்ட பின் மருந்து கிடையாது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஒரு நாய் ஐந்தாறு வெறிகொண்ட தெருநாய்களோடு சண்டையிட்டு வென்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது அல்சேஷனாலும் ஆகாது. பட்டியைச் சுற்றி நாய் தாண்ட முடியாத, அடியில் தோண்டிப் புக முடியாத வலை வேலி இருக்கத்தான் வேண்டும். பட்டி நாயின் பயன், அயல் நாய் வேலியருகே வரும்போதே குரைத்து நம்மை எழுப்புவது. நாம் கைவிளக்கோடு எழுந்து வர ஐந்து நிமிடம் கிடைத்தால் ஆடு பிழைக்கும்.

நாயைக் கவனிக்க வீட்டில் ஆளில்லாதவர்களும், பாதி ஆண்டு வெளியூர் வேலைக்குப் போகிறவர்களும் எடுக்காமல் இருப்பதே நல்லது. தெருநாய்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-இல் பிறப்பித்த ஆணையில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்தவர் அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளப் பொறுப்பாவார் என்றும் சொல்லியிருக்கிறது. நம் கிராமத்திற்கும் பொருந்தும் நியாயம் அது. 10, 12 ஆண்டு வைத்துக் காப்பாற்ற முடியும் என்று வீட்டார் எல்லோரும் சம்மதித்த பின்பே எடுக்க வேண்டும்.

அப்படிச் சம்மதமிருந்தால், அடுத்த முறை நகரத்தில் குட்டி விலை விசாரிக்கும் முன் உங்கள் ஊர்ப் பாலத்தடியை ஒரு முறை பாருங்கள். அங்கே ஈற்று இருந்தால் பெண் குட்டி ஒன்றைக் குறித்து வைத்து, 8 வாரம் நிரம்பும் நாளைப் பஞ்சாங்கத்தில் எழுதிவிட்டு, கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி அட்டை ஒன்றுக்குச் சொல்லி வையுங்கள்.